பச்சையம்மாவின் மஞ்சள் கண்

காத்திவாக்கத்து இறால் கொட்டகையில் பச்சையம்மாவுக்கு வைத்த பெயர் சிக்னல். பேரில் பச்சை, கண்ணில் மஞ்சள், கோபம் வந்தால் மூக்கு நுனி சிவப்பு. மூன்று விளக்கும் ஒரே கம்பத்தில் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அழவேண்டி வரும். இறால் உரிக்கிற கையால் கண்ணைத் துடைத்தால் என்ன எரிச்சல் என்று உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மஞ்சள் அவள் பிறந்தபோதே வந்தது. சில மாதம் இருக்கிற இடம் தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தால் போதும், முட்டைக்கரு மாதிரி கண்ணில் ஏறிக்கொள்ளும். சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவளை இழுத்துக்கொண்டு போய், காமாலைக்குச் சூடு போடுகிறவரிடம் உட்கார வைத்தார்கள். முழங்கைக்குக் கீழே வரிசையாகத் தழும்புகள், ஏணிப்படி மாதிரி. சூடு போட்டவர் ஒவ்வொருவரும் தன்னால்தான் குணமானது என்று மீசையை முறுக்கினார். தானாக ஏறித் தானாக இறங்குகிற மஞ்சள், வைத்தியனுக்கு இதைவிட நல்ல நோயாளி எங்கே கிடைப்பாள்?

ஒரு தடவை பெண் பார்க்க வந்தார்கள். அவள் தம்பி துரை ரொம்ப யோசித்து, பொழுது சாய்ந்த பிறகு வரச்சொல்லி, வீட்டில் இருந்த டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மங்கலான குண்டு பல்பு ஒன்றை மாட்டி வைத்தான். மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. காப்பியை வாங்கிக்கொண்டு, "வாம்மா, இப்டி காத்தாட நிப்போம்" என்று தெருவிளக்குக்கு அடியில் கூட்டிப்போனாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, பச்சையம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பச்சையம்மா யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டில் தனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு. வேறு யாரும் சொல்லி அல்ல, அவளாகவே பிரித்து வைத்துக்கொண்டது. துரைக்குக் கல்யாணமாகி எழில்மொழி வீட்டுக்கு வந்தபோது, "இன்னாண்ணி இது, தனியா?" என்று கேட்டாள். "அது என் ராசியான டம்ளரு" என்று பச்சையம்மா சமாளித்தாள். துரை பக்கத்தில்தான் நின்றான். பெண் வீட்டில் அவன் சொல்லி வைத்திருந்தது வேறு: அக்காவுக்குக் கெட்ட தண்ணீரில் வந்த காமாலை, சரியாகிவிடும். அந்தச் 'சரியாகிவிடும்' எட்டு வருஷமாகச் சரியாகிக்கொண்டே இருந்தது.

துரைக்கும் எழில்மொழிக்கும் ஒரே பெண், ரமாபாய். பேர் வைத்தது துரை, கூப்பிடுவது ரமா. திருவொற்றியூரில் அவர்கள் வீடு இருந்த தெருவிலேயே அவளைப்போல் வாயாடி இல்லை. பச்சையம்மா தன் சட்டங்களை ஒருத்திக்காக மட்டும் மீறினாள். கொட்டகையிலிருந்து வருகிற வழியில் ஒரு சேமியா ஐஸ் வாங்குவாள். ரமா பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். முதல் நக்கு அத்தைக்கு, அடுத்தது ரமாவுக்கு. சேமியா வருகிற இடம் யாருக்கு என்பதில்தான் தகராறு.

"அத்த, நீ ரொம்ப கடிக்கிற."

"கடிக்கலடி, கரையுது. வெயில கேளு."

"வெயிலுக்குப் பல்லு இல்ல."

அந்த ஐஸ் விஷயம் வீட்டுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் உறுதி எடுத்திருந்தார்கள்.

அந்த வருஷம் ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். லாரித் தண்ணீர், குழாயில் கலங்கல். தெருவுக்கு நாலு பேருக்குக் காமாலை. அதில் ரமாவின் கண்ணும் மஞ்சளானது யாருக்கும் அதிசயமில்லை. எழில்மொழி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், உப்பை நிறுத்தினாள். பிறகு ஒரு சாயங்காலம், தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு தெருவே நின்றபோது, உப்பில்லாத சோற்றின் மேல் இருந்த கடுப்பில் ரமா உளறிவிட்டாள். "அத்த கூடத்தான் டெய்லி ஒரே ஐஸ மாத்தி மாத்தித் துன்றேன், அதுல கூட உப்பு இல்ல."

எழில்மொழி குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாண்ணி? தனி டம்ளரு, தனி தட்டுன்னு ஊருக்குப் படம் காட்டிட்டு, என் புள்ள வாயில உன் எச்சில வெச்சிருக்கியே! உனக்கு மனசாட்சி கீதா?"

வரிசையில் நின்றவர்கள் பச்சையம்மாவைப் பார்த்தார்கள். அவள் அவர்களுடைய செருப்புகளைப் பார்த்தாள். ஒவ்வொரு செருப்பும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். துரையின் செருப்பும் அதில் இருந்தது, கட்டைவிரல் பக்கம் தேய்ந்த செருப்பு. அது நகரவில்லை. வாயைத் திறக்கவுமில்லை.

"பேசு துரை" என்றாள் எழில்மொழி.

"வுடு எழிலு, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் அவன். அவ்வளவுதான் அவன் பேசியது.

அன்றைக்கே ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு பச்சையம்மா காத்திவாக்கத்துக்குப் போனாள். கூட வேலை செய்கிற தேவப்பிரியம் தனிக்கட்டை, ஒரே அறை. "வா சிக்னல், இங்க ட்ராபிக் கம்மிதான்" என்று பாயை விரித்தாள். அன்றிலிருந்து பச்சையம்மாவுக்கு ஒரே எண்ணம். நான்தான் கொடுத்தேன். ஒவ்வொரு நக்காக, சேமியாவும் சேர்த்து, என் நாக்காலேயே குழந்தைக்கு ஊட்டினேன்.

ரமாவின் மஞ்சள் தானாகவே கொஞ்சம் இறங்கியது. ஆனால் சில வாரம் கழித்து தெருக் குழந்தைகளுக்கெல்லாம் ஒரு காய்ச்சல். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி கன்னம் சிவந்து போகும். சின்னக் காய்ச்சல்தான், மற்றப் பிள்ளைகள் அடுத்த வாரமே கோலி ஆடினார்கள். ரமா மட்டும் எழுந்திருக்கவில்லை. வெளுத்தாள். உதடு, நகம், நாக்கு எல்லாம் சுண்ணாம்பு. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. பக்கத்து டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோவைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றார்.

தேவப்பிரியம்தான் மார்க்கெட்டிலிருந்து செய்தியோடு வந்தாள். "ரமாவப் பெரிய ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம் பச்ச. ரத்தமே இல்லியாம் ஒடம்புல. வயித்துல ஏதோ கட்டி மாதிரி கைல தட்டுதாம். ரத்தத்துல கேன்சரா இருக்கலாம், எலும்புக்குள்ள ஊசி வுட்டுப் பாக்கணும்னு சொல்லிகினு கீறாங்க."

பச்சையம்மா கையிலிருந்த இறாலைப் பாதி உரித்தபடியே கீழே வைத்தாள். எச்சிலால் கேன்சரும் வருமா? கையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

குழந்தைகள் வார்டு தரைத்தளத்தில்தான். வெளி வராந்தாவிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக ரமாவின் கட்டில் தெரிந்தது. பச்சையம்மா முந்தானையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டாள். மூச்சுக் காற்றுகூட உள்ளே போய்விடக்கூடாது. கம்பியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நின்றாள். உள்ளே ரமா கண்ணை மூடிக் கிடந்தாள். வாயாடி வாய் லேசாகத் திறந்திருந்தது, பேச்சில்லாமல். எழில்மொழி அவள் காலைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் தூங்கிப்போயிருந்தாள்.

"அங்க யாரு? விசிட்டிங் டைம் முடிஞ்சிது!" வாட்ச்மேன் தடியைத் தரையில் தட்டினார்.

"போறேன் சார், சும்மா காத்து வாங்க நின்னேன்."

"ஆஸ்பத்திரிக்குக் காத்து வாங்கவா வந்தே?"

அந்தப் பேச்சில் வராந்தா பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார். லுப்னா என்று பெயர் அட்டை. வண்ணாரப்பேட்டைப் பெண், மேல்படிப்பின் கடைசி வருஷம், சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் முகம். பச்சையம்மாவின் முந்தானைக்கு மேலே தெரிந்ததெல்லாம் இரண்டு கண்தான். டாக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. கண்ணைக் காட்டுங்க."

"வேணாம் டாக்டரம்மா. கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்."

"எவ்ளோ நாளா மஞ்சள் இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்து."

டாக்டரின் புருவம் உயர்ந்தது. "பொறந்ததுலேர்ந்தா? வந்து வந்து போகுமா? வலது பக்கம் விலாவுக்குக் கீழ வலிக்குமா, கறி சாப்பிட்டா?"

"ஆட்டுக்கறி துன்னா உசுரு போயி வரும். அதுக்கென்ன இப்போ?"

டாக்டர் ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அந்தக் கட்டில்ல இருக்கற குழந்தைக்கு நீங்க யாரு?"

பச்சையம்மாவுக்குத் தெருவில் நின்ற குடங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கண்முன் வந்தன. நான்தான் அவள் அத்தை, நான்தான் ஒட்டவைத்தேன் என்றால் இந்த வார்டும் திரும்பிப் பார்க்கும். எழில்மொழி எழுந்துவிடுவாள். குழந்தையைப் பார்க்கிற இந்த ஜன்னலும் போய்விடும்.

"யாருமில்ல" என்றாள். "நான் வேற வார்டுக்கு வந்தவ."

அப்போதுதான் துரை ரத்த வங்கிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தா மூலையில் திரும்பினான். அக்காவைப் பார்த்ததும் நின்றான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது.

"துரை, இவங்க உங்களுக்குச் சொந்தமா?" டாக்டர் கேட்டார். "நேத்தே கேட்டேன். உங்க குடும்பத்துல யாருக்காவது மஞ்சள் வந்து வந்து போகுமா, பித்தப்பைக் கல்லு, மண்ணீரல் வீக்கம், எதாவது இருக்கான்னு. யாருக்குமே இல்லன்னீங்க."

துரை சீட்டை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான்.

"தெரியாது மேடம்" என்றான்.

இதே பொய்யை அவள்தான் முதலில் சொன்னாள். ஆனாலும் அது அவன் வாயிலிருந்து வந்தபோது, யாரோ அவள் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இருவரும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள், ஒரே தப்பைச் செய்து வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகள் மாதிரி. அந்த ஒரு கணம் பார்த்தால் யாரும் அக்கா தம்பி என்று சொல்லிவிடுவார்கள். டாக்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சரி, யாரையும் கட்டாயப்படுத்தல" என்றார் மெதுவாக. "நான் ஏன் கேக்கறேன்னு மட்டும் சொல்றேன். குழந்தைக்கு ரத்தம் ரொம்பக் குறைஞ்சிடுச்சு, மண்ணீரல் பெருசா இருக்கு. ரத்தப் புற்றுநோயா இருக்குமோன்னு பயந்துதான் நாளைக்கு எலும்புக்குள்ள ஊசி போடறோம். ஆனா இது வேற ஒண்ணாவும் இருக்கலாம். ஒருத்தர் எச்சில்ல இன்னொருத்தருக்கு ஒட்டாத மஞ்சள் ஒண்ணு இருக்கு. அது பொறப்புலயே வரும், குடும்பத்துல ஓடும். வீட்ல ஒருத்தருக்கு இருக்குன்னு தெரிஞ்சா நான் தேட வேண்டிய இடமே மாறிடும். ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி குழந்தையோட ரத்தம் கொஞ்சம் எடுத்து வெச்சாகணும். ஏத்தின அப்புறம் அடுத்தவங்க ரத்தமும் கலந்துடும், டெஸ்ட்டு தெளிவா இருக்காது. பாட்டில் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்."

எச்சிலில் ஒட்டாது என்கிற வார்த்தை பச்சையம்மாவின் காதில் நுழைந்து, உள்ளே போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

அவள் வாயிலிருந்து முந்தானையை அவிழ்த்தாள்.

"டாக்டரம்மா, நான் அவ அத்த" என்றாள். "இவன் என் தம்பி. பொய் சொல்றான். நானும்தான் சொன்னேன்."

துரை தலையைத் தூக்கவேயில்லை. தம்பியை ஒரு டாக்டர் முன்னால் பொய்யனாக்கிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவனைக் காட்டிக்கொடுப்பது இதுதான் முதல் தடவை.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. "உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றார். மூன்று பேர் ரத்தமும் மூன்று குழாயில் போயிற்று, குழந்தையுடையது முதலில். பிறகுதான் பாட்டில் ஏறியது. எழில்மொழி விழித்தபோது நாத்தனார் பக்கத்து ஸ்டூலில் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழில்மொழி வாயைத் திறப்பதற்குள் டாக்டர், "நான்தான் உட்காரச் சொன்னேன்" என்றார். எழில்மொழி வாயை மூடிக்கொண்டாலும் முகம் மூடவில்லை.

மறுநாள் ஊசி போடவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து, காத்திருக்கலாம் என்றார். ரமாவின் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. நிறத்தோடு வாயும் திரும்பியிருந்தது.

"அத்த, நீ ஏன் என்னப் பாக்க வரல? என் மேல கோவமா?"

"இல்லடி. ரோட்ல சிக்னலு ரிப்பேரு."

அன்று மத்தியானம் டாக்டர் லுப்னா கட்டிலுக்கு வந்தபோது அவர் கையில் காகிதங்களும், ஆஸ்பத்திரி வாசல் கடையில் வாங்கிய தண்ணீர் பாக்கெட் இரண்டும் இருந்தன. எழில்மொழி சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தாள்.

"கேன்சர் இல்ல" என்றார் முதலில். மற்றதெல்லாம் பிறகு. துரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இப்போ இதப் பாருங்க. ரத்தத்துல இருக்கற சிவப்பு அணு இப்டித்தான் இருக்கணும்." ஒரு பாக்கெட்டின் மூலையைக் கடித்துப் பாதித் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். பாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. "உள்ள இருக்கறது கொஞ்சம், மேல் தோல் தாராளம். அதனால தட்டையா இருக்கும், எப்டி வேணா மடங்கும்." ஜன்னல் கம்பிகளின் நடுவே விட்டு அந்தப் பக்கம் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "நம்ம இடது விலாவுக்கு உள்ள மண்ணீரல்னு ஒரு உறுப்பு. ரத்தம் அதுக்குள்ள போனா, சந்து மாதிரி இடுக்கு வழியாத்தான் வெளிய வரணும். அணுவ விட அந்தச் சந்து சின்னது. மடங்குறது போயிடும், மடங்காதது மாட்டிக்கும்."

"ஏன் மடங்காது?" ரமா கேட்டாள்.

"நல்ல கேள்வி. அந்தத் தோலுக்கு அடியில வலை மாதிரி புரதம் பின்னியிருக்கும். அதுதான் தோலப் புடிச்சி வெச்சிருக்கும். உங்க குடும்பத்துல அந்த வலைப் பின்னல்ல ஒரு குறை. புடிமானம் இல்லாத எடத்துல தோல் துளித்துளியாப் பிஞ்சிப் போயிடுது. தோல் கொறையுது, உள்ள இருக்கறது அப்டியே இருக்கு. அப்போ இன்னா ஆவும்?" டாக்டரும் தன்னையறியாமல் வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பியிருந்தார். இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்து, பிளாஸ்டிக்கின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கினார். தண்ணீர் அதேதான், தோல்தான் குறைந்தது. பாக்கெட் பந்து மாதிரி உப்பி விறைத்தது. அதைக் கம்பியில் வைத்து அழுத்தினார். போகவில்லை. இன்னும் அழுத்தினார். பட்டென்று வெடித்து வார்டு பூராவும் தெறித்தது.

ரமா கை தட்டினாள். "இன்னொரு வாட்டி!"

"மண்ணீரல்ல மாட்டினதும் இதேதான். அங்க தேங்கி நிக்கற நேரத்துல இன்னும் தோல் போவும், இன்னும் உருண்டையாவும். கடைசியில அங்க இருக்கற காவல்கார அணுக்கள் புடிச்சித் தின்னுடும். ஒடையற ரத்தத்துலேர்ந்து வர்ற நிறம்தான் கண்ணுல மஞ்சள். அதே நிறம் பித்தப்பையில சேந்து கல்லாவும். உங்க வலது பக்க வலி அதுவாத்தான் இருக்கும்மா, ஸ்கேன் எடுக்கணும். வேலை அதிகமாகி மண்ணீரல் வீங்குது. கல்லீரல் மேல தப்பில்ல, தண்ணி மேல தப்பில்ல. யார் எச்சில் மேலயும் தப்பில்ல."

"அப்போ திடீர்னு ஏன் மேடம் இப்டி வெளுத்துச்சு?" துரை கேட்டான்.

"நல்ல அணு ஒண்ணு நாலு மாசம் வாழும். இவளோடது கொஞ்ச நாள்லயே ஒடஞ்சிடும். எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜை ராப்பகலா புதுசு பண்ணிப் பண்ணிச் சமாளிச்சிகினு இருந்துச்சு. கன்னம் சிவக்கற அந்தக் காய்ச்சல்ல ஒரு வைரஸ் மஜ்ஜைக்குள்ள பூந்து, ஒரு வாரம் பத்து நாள் உற்பத்திய நிறுத்திடும். மத்தப் புள்ளைங்களுக்கு அது தெரியவே தெரியாது, கையிருப்பு இருக்கு. இவளுக்கு இல்ல. இப்போ புது அணு வர ஆரம்பிச்சிடுச்சு. எடுத்த அணுவ உப்பு கம்மியா இருக்கற தண்ணில போட்டுப் பாத்தோம். தண்ணி உள்ள பூந்தாலும் நல்ல அணுவுக்கு உப்பறதுக்கு எடம் இருக்கும், தாங்கும். இவளோடது, அத்தையோடது ரெண்டும் சீக்கிரமே வெடிச்சிடுச்சு. ஒடம்பே தன் ரத்தத்த அழிக்குதான்னும் பாத்தோம், அதுவும் இல்ல. தினம் போலிக் ஆசிட் மாத்திரை குடுங்க. மண்ணீரல எடுக்கணுமான்னு இன்னும் வளந்தப்புறம் பாக்கலாம், அதுக்கும் முன்னாடி தடுப்பூசிங்க போடணும். அவசரமில்ல."

பச்சையம்மா தன் முழங்கைத் தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தாள். எச்சில் இல்லை. அப்படியென்றால் நிம்மதி வரவேண்டும்தானே? வரவில்லை. இத்தனை வருஷம் தனியாகக் குடித்த தண்ணீரெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. யாரும் கேட்காமலே தன்னைத் தள்ளி வைத்துக்கொண்ட முட்டாளை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"ஒரு சந்தேகம் டாக்டரம்மா" என்றாள். "என்கிட்டேர்ந்து வரலன்னா இவளுக்கு யாருகிட்டேர்ந்து வந்துச்சு?"

டாக்டர் மூன்றாவது காகிதத்தைக் கையில் வைத்திருந்தார். துரையைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் படுக்கறீங்களா? பக்கத்துக் கட்டில் காலிதான்."

துரை சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் தகடு தூக்குகிறவன். ஊரே பார்க்கச் சட்டையைக் கழற்றி வேலை செய்கிறவன், இப்போது குழந்தைகள் கட்டிலில் காலை மடக்கிப் படுத்து, சட்டையைத் தூக்கக் கூச்சப்பட்டான். டாக்டர் இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தார்.

"மூச்ச நல்லா இழுங்க. இன்னும்."

அவன் இழுத்தான். விரல் நின்றது.

"தட்டுது. உங்க ரத்தத்துலயும் உருண்டை அணு இருக்கு, கம்மியா. உங்களுக்கு லேசா இருக்கறதால வெளிய தெரியல. ஒரே குறைதான், அக்காவுக்கு அதிகமா காட்டுது, உங்களுக்குக் கம்மியா. அப்பா அம்மால ஒருத்தர்கிட்டேர்ந்து உங்க ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. உங்ககிட்டேர்ந்து குழந்தைக்கு. இதுல யாரோட தப்பும் இல்ல துரை. சும்மா தகவல்."

சும்மா தகவல் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். துரை எழவில்லை. தூக்கிய சட்டையை இறக்குவதற்குப் பதில் இன்னும் மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

பச்சையம்மாவின் உள்ளே, எங்கோ ஒரு மூலையில், சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் இல்லை, நீதான். அது அவளுக்கே தெரிந்தது. உடனே முகம் சுட்டது. குழந்தை பிழைத்த நாளில் நினைக்கிற நினைப்பா இது? அவள் நகர்ந்து, ரமாவுக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவே நின்றுகொண்டாள், அப்பன் அழுவதைக் குழந்தை பார்க்காதபடி.

"அத்த, நைனா ஏன் படுத்துகினாரு?"

"அவருக்கும் ஊசி போடப் போறாங்களாம், அதான் பயம்."

"அய்ய, பயந்தாங்கொள்ளி!"

சட்டைக்குள்ளிருந்து துரையின் குரல் வந்தது. "அக்கா. தெருவுல அவ உன்னக் கேட்டப்போ நான் சும்மா நின்னேன். எனக்கு உள்ளுக்குள்ள தெரியும்க்கா. ரமா பொறந்தப்போவே மஞ்சளா கீதுன்னு லைட்டுக்கு அடியில வெச்சாங்க. அப்பவே உன் ஞாபகம் வந்துச்சு. நம்ம வூட்டு வழிதானோன்னு நெனச்சேன். நெனச்சத அமுக்கிட்டேன். நம்ம வழின்னா எழிலு வூட்ல காறித் துப்புவாங்கன்னு..."

"மூக்க சிந்திக்க. சட்டையில சிந்தாத, அவதான் தொவைக்கணும்."

"நீயே எழிலுகிட்ட சொல்லிடுக்கா. எனக்கு வாய் வராது."

பச்சையம்மா யோசித்தாள். சொல்வது அவளுக்குச் சுலபம். இரண்டு நிமிஷ வேலை. தெருவில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வசதியான இடம், இருபது கட்டில் ஜனம். அந்த ஆசைதான் அவளைத் தடுத்தது.

"நான் சொன்னா அது பழிக்குப் பழி மாதிரி பூடும். நீ சொல்லு."

வார்டு வாசலில் எழில்மொழி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தாள். கணவன் கட்டிலில் கிடப்பதைப் பார்த்து வேகமாக நடந்தாள். நாத்தனார் மேல் ஒரு பார்வை, குழந்தை மேல் ஒரு பார்வை. "இன்னா ஆச்சு? இவருக்கு இன்னா? ஒருத்தராவது வாயத் தொறங்களேன்!"

துரை சட்டையை இறக்கினான். கண் சிவந்திருந்தது, அந்தச் சிவப்புக்கு அடியில், இப்போது தெரிந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கு மட்டும், லேசாக ஒரு மஞ்சளும். எழுந்து உட்கார்ந்தான். வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழிலு," என்றான், "புள்ளைக்கு இது அக்காவால வரல. என்னால வந்துச்சு."